எடை குறைந்ததா, நீர் வடிந்ததா? ஒரு E43 கேஸ் அனுபவம்

ஐந்து ரோடு கோடர்
இன்பேஷண்ட் கோடிங்கில் எனக்கு ஒன்பது வருஷம். சேலத்தில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரி சார்ட்களைப் பார்த்து, நோய்களுக்குப் பில்லுக்கான கோடு போடும் வேலை. சமீபத்தில் ஒரு கேஸ் டினையல் ஆகி, அதாவது பணம் தர மறுக்கப்பட்டு, திரும்பி வந்தது. அதை இங்கே எழுதி வைக்கத் தோன்றியது.

இதய நோயாளி, அறுபதைத் தாண்டியவர். டாக்டர் எல்லா நாளும் வெறுமனே 'மால்நியூட்ரிஷன்' என்றே எழுதியிருந்தார். அப்படியே போட்டால், தீவிரம் சொல்லாத E46. டயட்டீஷியன் நோட்டிலோ 'சிவியர்' என்று இருந்தது. ஆறு மாதத்தில் 81 கிலோ 71 ஆகிவிட்டது, அதாவது 12 சதவீதத்துக்கு மேல் இழப்பு. ஆறு வாரமாகச் சாப்பாடும் பாதிதான். தெளிவு கேட்டு டாக்டருக்குக் குவரி போட்டேன். 'சிவியர்' என்று பதில் வந்தது. சிவியருக்கான E43 போட்டு முடித்தேன்.

டினையல் வந்தபிறகு பழைய அட்மிஷனையும் திறந்து பார்த்தேன். அந்த 81 கிலோ, கால் வீங்கி, மூச்சு வாங்கி அட்மிட் ஆன அன்று எடுத்த எடை. லாசிக்ஸ் கொடுத்து நீர் வடிந்து, டிஸ்சார்ஜ் ஆனபோது 75. அங்கிருந்து 71 என்றால் இழப்பு 5 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். அந்த ஒரு வரியை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

புதுக் கோடர்
அக்கா, குவரியே எதுக்கு? டயட்டீஷியன் நோட்டிலிருந்துதானே பிஎம்ஐ எடுக்கிறோம். சிவியரையும் அங்கிருந்தே எடுத்திருக்கலாமே? ஆல்புமினும் 2.4 மாதிரி இருந்தால் போதுமான ஆதாரம் ஆச்சே.

ஐந்து ரோடு கோடர்
பிஎம்ஐ எண்ணை எடுக்கலாம்ப்பா, அது சரி. ஆனால் நோயின் பெயரும் தீவிரமும் டாக்டர் கையிலிருந்துதான் வரணும். 'டயட்டீஷியன் சிவியர் என்கிறார், நீங்களும் அப்படியே எழுதுங்கள்' என்று குவரி போடவும் கூடாது. கண்டதை எழுதி, மைல்டு, மாடரேட், சிவியர், வேறு ஏதாவது, சொல்ல முடியவில்லை என்று எல்லா வாய்ப்பையும் வைக்கணும்.

சூரமங்கலம் டயட்டீஷியன்
ஆல்புமினை விட்டுவிடுங்கள் தம்பி. தொற்றோ அழற்சியோ இருந்தாலே அது இறங்கிவிடும், நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும்தான்.

மேடம், உங்கள் கேஸில் எடையைத் தள்ளிவிட்டால் என்ன மிஞ்சுகிறது? நாள்பட்ட நோயில், ஒரு மாதத்துக்கு மேல் தேவையில் முக்கால் பங்குக்குக் கீழே சாப்பிட்டார் என்பது மாடரேட்டுக்கும் பொருந்தும், சிவியருக்கும் பொருந்தும். அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால் தசையைத்தான் பார்க்கணும். நெற்றிப்பொட்டு லேசாகக் குழிந்திருக்கிறதா, ஆழமாகவா? காரை எலும்பு கொஞ்சம் தெரிகிறதா, துருத்திக்கொண்டு நிற்கிறதா? நான் நோயாளியைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, தொடைத் தசையையும் பிடித்துப் பார்ப்பேன். நோட்டில் வெறும் 'தசை இழப்பு உண்டு' என்று முடித்தால் யாருக்கும் உபயோகமில்லை. எந்த இடம், எவ்வளவு என்று எழுதணும். அந்தச் சார்ட்டில் என்ன இருந்தது?

ஐந்து ரோடு கோடர்
நெற்றிப்பொட்டில் லேசானது, காரை எலும்பில் லேசானது.

சூரமங்கலம் டயட்டீஷியன்
அப்போது சாப்பாடு ஒன்று, லேசான தசை இழப்பு ஒன்று. இரண்டும் சேர்ந்து மாடரேட் நிற்கும், E44.0. சிவியர் நிற்காது.

மலைச் செவிலி
நீங்கள் கேட்டது இதுதானா என்று தெரியவில்லை, எங்கள் ஏற்காட்டுப் பக்கக் கதையைச் சொல்கிறேன். மலைக் கிராமத்தில் ஒரு இரண்டு வயசுக் குழந்தை. எடை சரியாகத்தான் இருந்தது. மேல்கைச்சுற்று 12 செ.மீ. பதிவேட்டில் 'மிதமான குறைபாடு' என்று போட்டிருந்தார்கள். பாதத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி மூன்று எண்ணி எடுத்தேன், குழி அப்படியே நின்றது. அடுத்த காலிலும் அதே. இரண்டு காலிலும் குழி விழுந்தால் எடை, கைச்சுற்று எதுவானாலும் அது கடுமையான குறைபாடுதான். மாற்றி எழுதி அனுப்பினோம். சிகிச்சையில் வீக்கம் வடிந்து எடை இறங்கியதும், மாத அறிக்கையில் குழந்தை 'மோசமாகிறது' என்று வந்துவிட்டது. 'வீக்கம் வடிந்தது' என்று பக்கத்தில் எழுதும் வரை அது ஓயவில்லை.

கிளைம் ஆடிட்டர்
செவிலியம்மா சொன்னது வேறு கணக்கு, ஆனால் நீர் செய்யும் வேலை ஒன்றுதான். 2020-இல் அமெரிக்க அரசு சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவான ஓஐஜி, கடுமையான குறைபாட்டுக்கான E41, E43 கிளைம்கள் 200-ஐ எடுத்துப் பார்த்து, 173-இல் கோடு தவறு என்றது. அதிலிருந்து E43-ஐக் கண்டாலே சார்ட்டைக் கேட்கிறார்கள். டாக்டர் 'சிவியர்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அதற்கேற்ற சிகிச்சையும் இருக்கிறதா என்று பார்ப்போம். நாளுக்கு ஒரு டப்பா சப்ளிமெண்ட் மட்டும் என்றால் நான் கேள்வி கேட்பேன்.

சூரமங்கலம் டயட்டீஷியன்
அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். குழாய் வழியாக உணவு வேண்டாம் என்று நோயாளியே மறுத்திருக்கலாம். சிகிச்சை குறைந்தால் நோயும் குறைந்ததாகிவிடுமா?

கிளைம் ஆடிட்டர்
மறுத்தார் என்று நோட்டில் ஒரு வரி இருந்தால் விட்டுவிடுவேன். பெரும்பாலும் இருப்பதில்லை.

ஐந்து ரோடு கோடர்
நான் பழைய டிஸ்சார்ஜ் எடையைக் காட்டி மறுபடி குவரி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் இன்னும் பதில் எழுதவில்லை. அங்குள்ள டயட்டீஷியன் மட்டும், 75-இலும் கொஞ்சம் வீக்கம் இருந்தது என்கிறார். அப்படியானால் உண்மை இழப்பு அதைவிடவும் குறைவு. இப்போதெல்லாம் எடை சதவீதத்தைப் பார்த்தால், அந்தப் பழைய எடை எந்த நாளில் எடுத்தது, அன்று கால் வீங்கியிருந்ததா என்று தேடிவிட்டுத்தான் குவரியைத் திறக்கிறேன்.