பிரேக்அவுட் ரூமில் 89 பேரை நடுத்தெருவில் நிறுத்திய கதை

செங்காங் வாசி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தொடக்கநிலை 6 மாணவர்களின் பெற்றோருக்காகத் தமிழ் வாய்மொழித் தேர்வு பற்றி ஜூமில் ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். எங்கள் வட்டாரத்தில் ஏழெட்டுத் தொண்டூழியர்கள் சேர்ந்து செய்வது. 176 பேர் பதிவு செய்தார்கள், 141 பேர் வந்தார்கள். முதல் அரைமணி நேரம் எல்லோருக்கும் பேச்சு. அப்புறம் 12 பிரேக்அவுட் ரூம், அறைக்கு ஓர் ஆசிரியர். பிள்ளைகள் அங்கே காணொளியைப் பார்த்து உரையாடிப் பழக வேண்டும். இதுதான் திட்டம்.

யாருக்கு எந்த அறை என்று முதல் நாள் இரவே பட்டியல் போட்டு ஏற்றினேன்:

```
Pre-assign Room Name,Email Address
Room 07,kavitha@example.com
```

இப்படி 176 வரி. நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் அறைகளைத் திறக்கப் போனால் 52 பேர் மட்டும் அவரவர் அறையில் இருக்கிறார்கள். மீதி 89 பேர் பெயரும் ஒதுக்கப்படாதவர் வரிசையில் நிற்கிறது. அதில் பாதி "iPad", "Galaxy", "Zoom User". எந்த ஐபேட் எந்த வீட்டுப் பிள்ளையுடையது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? ஒவ்வொருவராக மைக்கில் கூப்பிட்டுக் கேட்டு ஒதுக்கினேன். ஆளுக்குப் பத்து விநாடி என்றாலும் 15 நிமிடம் போய்விட்டது. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்ததா? எங்கே தவறு செய்தேன்?

பாத்தோக் கார்த்தி

சாதாரண மீட்டிங்கில் இவ்வளவு பேரை விட்டதுதான் தவறு. வெபினார் உரிமம் வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. வருபவர்கள் தானாகவே மியூட்டில் இருப்பார்கள், முகமும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் 400 பேருக்கு அப்படித்தான் நடத்துகிறோம், சத்தமே இருக்காது.

ஒலிப்பெட்டி

கார்த்தி சொல்வது பாதிதான் சரி. மியூட் விஷயத்தில் வெபினார் நல்லதுதான். ஆனால் ஜூமின் வெபினாரில் பிரேக்அவுட் ரூமே கிடையாது, பார்வையாளர்களை நிறுத்தி வைக்கும் வெயிட்டிங் ரூமும் கிடையாது. நாம் பேசுபவர்களோடு மட்டும் முன்னால் ஒத்திகை பார்க்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகள் பிரிந்து பேச வேண்டும் என்றால் மீட்டிங்தான். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் வெபினார் என்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

செங்காங் வாசிக்கு நடந்ததன் காரணம் மின்னஞ்சல். நீங்கள் ஏற்றிய பட்டியலில் எந்த முகவரி இருக்கிறதோ, அதே முகவரியில் ஜூமுக்குள் உள்நுழைந்து வருபவரைத்தான் அது அடையாளம் காணும். பதிவுப் படிவத்தில் அம்மா தன் ஜிமெயிலைக் கொடுத்திருப்பார். அன்று காலை பிள்ளை பள்ளிக் கணக்கில் வந்திருக்கும், இல்லையென்றால் எந்தக் கணக்கிலும் நுழையாமல் வாட்ஸாப்பில் வந்த இணைப்பைத் தட்டிவிட்டு வந்திருக்கும். இரண்டுமே உங்கள் பட்டியலுக்கு அந்நியர்கள். சரியான அறைக்குப் போன 52 பேர் பெரும்பாலும் வேலைக்காகத் தினமும் ஜூமில் இருக்கும் அப்பா அம்மாவாக இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

செங்காங் வாசி

விசாரித்தேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி! இரண்டு பேரைத் தவிர எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள்.

அப்படியானால் அடுத்த முறை ஜூமிலேயே பதிவு வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

ஒலிப்பெட்டி

ஓரளவுக்கு. பதிவு செய்த முகவரியிலேயே உள்நுழைந்து வர வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் இருக்கும். தாத்தா பாட்டி கைப்பேசியிலிருந்து வரும் கூட்டத்தில் அதை நம்பக்கூடாது.

நான் பட்டியலை விட்டுவிட்டேன். பதிவு உறுதிச் செய்தியில் அறை எண்ணை அனுப்பிவிடுவேன். வெயிட்டிங் ரூமில் இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி போடுவேன்: "உள்ளே வந்ததும் உங்கள் பெயருக்கு முன்னால் அறை எண்ணைச் சேருங்கள். எடுத்துக்காட்டு: 07 கவிதா." முதல் பேச்சு நடக்கும் அரைமணி நேரத்தில் பெரும்பாலோர் மாற்றிவிடுவார்கள். மாற்றத் தெரியாதவர்களுக்கு இன்னொரு தொண்டூழியர் மாற்றித் தருவார். அப்புறம் ஒதுக்கும் பட்டியலைத் திறந்தால் 07 எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்கும், டிக் டிக் டிக் என்று போட்டுக்கொண்டே போகலாம்.

இன்னொன்று, எல்லோரையும் ஒதுக்கி முடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். 52 பேர் தயாராக இருந்தால் அறைகளைத் திறந்துவிடுங்கள். மீதிப் பேரைத் திறந்த பிறகும் ஒவ்வொருவராக அனுப்பலாம்.

யீஷூன் பாட்டி

நான் கணினி எல்லாம் தெரிந்தவள் இல்லை. பேரன் நிகழ்ச்சிக்கு ஒருமுறை தொலைபேசி எண்ணை அழுத்தித்தான் சேர்ந்தேன். பேசச் சொன்னார்கள், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், யாருக்கும் கேட்கவில்லை. என் பேத்தி ஓடி வந்து *6 அழுத்தியதும் சரியானது. கை தூக்க *9 என்று அப்போதுதான் தெரிந்தது. இது யாருக்காவது உதவினால் நல்லது.

தோ பாயோ டியூஷன்

பாட்டி சொன்னது பெரிய விஷயம். நடத்துபவர் நினைத்தாலும் பொதுவாக அவருடைய ஒலியைத் தானாகத் திறந்துவிட முடியாது. மியூட் செய்யலாம், திறக்கச் சொல்லிக் கேட்கலாம், திறக்க வேண்டியது அந்தத் தொலைபேசியில்தான்.

என் அனுபவம் வேறு. முதல் பேச்சில் பின்னணியில் மிக்ஸி சத்தம் வந்தது. நான் `Mute All` அழுத்தி, `Allow participants to unmute themselves` என்ற இடத்தில் இருந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். நிம்மதி. அறைகளுக்குள் போனதும் பிள்ளைகள் வாயசைக்கிறார்கள், சத்தம் வரவில்லை. ஐந்து நிமிடம் எல்லா ஆசிரியர்களும் கைப்பேசியில் எனக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். முதன்மை அறையில் போட்ட பூட்டு உள்ளறைகளிலும் தொடர்ந்திருக்கிறது என்று பிறகு நினைத்தேன்.

பாத்தோக் கார்த்தி

எனக்கு அப்படி நடந்ததில்லையே. போன வருடம் நாங்கள் அதே டிக்கை எடுத்துவிட்டுத்தான் பிரிந்தோம், எல்லோரும் பேசினார்கள்.

ஒலிப்பெட்டி

இரண்டையும் பார்த்திருக்கிறேன். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அறைகளைத் திறக்கும் முன் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுகிறேன், எல்லோரும் திரும்பி வந்ததும் மறுபடி எடுக்கிறேன். ஆசிரியர் இருக்கும் அறையில் 12 பிள்ளைகள் சேர்ந்து கத்தினாலும் அதை அவர் பார்த்துக்கொள்வார்.

செங்காங் வாசி

வெட்கமாக இருந்ததால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டியலில் என் முகவரியையும் 3ஆம் அறைக்குப் போட்டிருந்தேன். அறை திறந்ததும் ஏதோ ஞாபகத்தில் `Join` அழுத்திவிட்டேன். உள்ளே போய்ப் பத்து நிமிடம் பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்தால் வெயிட்டிங் ரூமில் ஆறு பேர். தாமதமாக வந்தவர்கள். வாசலில் யாருமே இல்லை.

தோ பாயோ டியூஷன்

ஹா ஹா. எங்கள் குழுவில் அதற்காகவே ஒருவரை வைத்திருக்கிறோம். அவர் பெயரையே "வாசல்" என்று மாற்றிவிட்டோம். அவர் எந்த அறைக்கும் போகக்கூடாது.

ஒரு கேள்வி மட்டும்: உள்ளறைகளில் நடந்ததைப் பதிவு செய்ய வழி உண்டா? கிளவுடில் போட்டேன், திறந்து பார்த்தால் காலியான முதன்மை அறை மட்டும் 25 நிமிடம் ஓடுகிறது.

ஒலிப்பெட்டி

கிளவுட் பதிவு முதன்மை அறையோடு நின்றுவிடும். ஒவ்வோர் அறையிலும் ஒருவருக்குத் தன் கணினியிலேயே பதியும் அனுமதி கொடுத்தால் அந்த அறை அவர் கணினியில் சேரும். ஆனால் பிள்ளைகள் பேசுவதைப் பதிய பெற்றோரிடம் கேட்டீர்களா?

தோ பாயோ டியூஷன்

கேட்கவில்லை. படிவத்தில் ஒரு வரி சேர்க்கிறேன்.