‘பவர்’ என்பதற்குத் தமிழில் என்ன? திறனா, வலுவா, வேறா?

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டேட்டா துறையில் வேலை தேடுவோருக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இயந்திரக் கற்றல் பொறியாளர், தரவுப் பகுப்பாய்வாளர் என்ற இரண்டு வேலைக்கும் எவ்வளவு கணிதம் வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை வருகிறது. பகுப்பாய்வாளர் பகுதியில், ‘ஏ/பி சோதனையைத் தொடங்கும் முன் அதன் பவரைக் கணக்கிடத் தெரிய வேண்டும்’ என்று ஒரு வரி. ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஆளுக்கொன்றாகக் காட்டி ஒப்பிடுவதுதான் ஏ/பி சோதனை. அங்கே மாட்டிக்கொண்டேன்.

முதலில் ‘சோதனையின் திறன்’ என்று எழுதினேன். இரண்டு பத்தி தள்ளி ‘பகுப்பாய்வாளருக்கு வேண்டிய திறன்கள்’ வருகிறது. அதற்கும் கீழே எஃபிஷியன்சிக்கும் திறன் என்றே போட்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் மூன்று திறன்! நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?

அருள் எழுதியது:

இதில் என்ன குழப்பம்? பள்ளியில் படித்ததுதானே, பவர் என்றால் அடுக்கு. இரண்டின் அடுக்கு மூன்று எட்டு. ‘சோதனையின் அடுக்கு’ என்று போடுங்கள்.

அப்படியே என் கேள்வி ஒன்று. எனக்குக் கணிதம் அவ்வளவாக வராது. அதனால் இயந்திரக் கற்றல் வேண்டாம், பகுப்பாய்வுக்கே போய்விடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

செந்தில் எழுதியது:

அருள், அது வேறு பவர். இது, வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் சோதனை அதைப் பிடிக்கும் வாய்ப்பு. ஆனால் நீங்கள் எடுத்த முடிவு சரி. பகுப்பாய்வாளருக்கு சராசரி, விழுக்காடு, கொஞ்சம் SQL தெரிந்தால் போதும். இயந்திரக் கற்றலுக்குத்தான் நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், நிகழ்தகவு எல்லாம் வேண்டும். பவரைக் கணக்கிட இணையத்தில் கால்குலேட்டர் இருக்கிறது, நான்கு எண் போட்டால் விடை வந்துவிடும். தேன்மொழி, அந்த வரியையே எடுத்துவிடலாம். சொல்லும் தேவைப்படாது.

நிருபன் எழுதியது:

செந்தில், நான் இயந்திரக் கற்றல் பொறியாளராகத்தான் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன பாடங்களை எல்லாம் படித்தேன், அது பொய்யில்லை. ஆனால் கையால் வகைக்கெழு எடுத்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. அதை நூலகம் பார்த்துக்கொள்கிறது.

கடைசியாகக் கணிதம் கைகொடுத்த இடம் இது. பயிற்சி நடுவில், பிழையை அளக்கும் லாஸ் எண்ணே இல்லாத `nan` ஆகிவிட்டது. மதிப்புகளை e-யின் அடுக்காக்கி விகிதமாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸை நானே எழுதியிருந்தேன், `float16` எண்களில். அந்த வடிவத்தில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 65504. உள்ளே 12 என்று ஒரு மதிப்பு வந்தால் e-யின் 12ஆம் அடுக்கு 1,62,754, அதாவது கொள்ளளவைத் தாண்டிவிடும். எல்லா மதிப்புகளிலிருந்தும் மிகப் பெரியதைக் கழித்துவிட்டு அடுக்கேற்றினால் போதும், சிக்கல் தீர்ந்தது. கழித்தாலும் விகிதம் மாறாது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அது பள்ளிக் கணிதம். (அருள், உங்கள் அடுக்கு இங்கேதான் வருகிறது!)

சொல்லுக்கு வருகிறேன். இலங்கையில் நாங்கள் இயற்பியலில் பவரை ‘வலு’ என்றுதான் படித்தோம். திறன் என்ற சொல் சும்மா கிடக்கும், மோதலும் இல்லை. குறைந்த பவர் உள்ளதை ‘வலுக்குறைந்த சோதனை’ என்று எளிதாகச் சொல்லலாம். இன்னொன்று, எனக்கு இது எங்கள் ரீகால் மாதிரியே தெரிகிறது. உண்மையில் இருப்பவற்றில் எத்தனை பங்கைப் பிடித்தோம் என்பதுதானே இரண்டும்? அப்படியானால் இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

மங்கை எழுதியது:

பல ஆண்டுகளாகப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செந்தில் சொன்ன கால்குலேட்டரிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பதிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். வருபவர்களில் 5 விழுக்காட்டினர் பதிவு செய்கிறார்கள். புதிய வடிவமைப்பு அதை 5.5 ஆக்கும் என்று நம்புகிறோம். பழையது, புதியது இரண்டையும் ஒரு வாரம் ஓட்டியதில் பக்கத்துக்கு 3,000 பேர். வித்தியாசம் குறிப்பிடத்தக்கதாக இல்லை என்று கணக்கு சொல்கிறது. ‘புதிய வடிவமைப்பால் பயனில்லை’ என்று அறிக்கை போய்விடுகிறது. இப்படி எழுதிய அறிக்கைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இந்தச் சோதனையின் பவர் எவ்வளவு? இரு பக்கத்து விகிதங்களின் வித்தியாசத்துக்குத் திட்டப் பிழை ஏறக்குறைய 0.58 விழுக்காட்டுப் புள்ளி. நாம் தேடுவதோ அரைப் புள்ளி. கணக்கிட்டால் பவர் 14 விழுக்காடு வரும். முன்னேற்றம் நிஜமாகவே இருந்தாலும் ஏழு முறை நடத்தினால் ஆறு முறை அதைத் தவறவிட்டுவிடுவோம். ‘பயனில்லை’ என்ற அந்த வரிக்கு ஆதாரமே இல்லை. பார்க்கவே முடியாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதுவும் தெரியவில்லை என்று சொன்ன கதை.

வழக்கமாகக் கேட்கப்படும் 80 விழுக்காட்டுப் பவருக்கு எத்தனை பேர் வேண்டும் என்று மனக்கணக்காகப் பார்க்க ஒரு வாய்ப்பாடு உண்டு:

```
n = 16 * p * (1 - p) / d**2
```

p இப்போதைய விகிதம், d நாம் தேடும் வித்தியாசம். p-க்கு 0.05, d-க்கு 0.005 போட்டால் பக்கத்துக்கு 30,400 பேர். வாரம் 3,000 என்றால் பத்து வாரம் ஆகும். ஒரு வாரம்தான் தருவோம் என்று மேலே இருப்பவர் சொன்னால், அந்த 3,000 பேரை வைத்து நம்பிக்கையாகப் பிடிக்கக்கூடியது 1.6 புள்ளி வித்தியாசம்தான், அதாவது 5 என்பது 6.6 ஆனால்தான் உண்டு. இதைத் தொடங்கும் முன்பே சொல்லத் தெரிவதுதான் அந்த வேலையில் உள்ள கணிதம். கால்குலேட்டர் நான்கு எண் கேட்கும், சரி. d-க்கு என்ன போடுவது என்று அது சொல்லித் தராது.

நிருபன், ரீகால் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. சூத்திரம் ஒன்றேதான். ஆனால் ரீகாலை நீங்கள் எண்ணிப் பார்க்கிறீர்கள். விடை குறிக்கப்பட்ட தரவு கையில் இருக்கிறது, தவறு செய்தால் தனியே ஒதுக்கி வைத்த தரவு காட்டிக்கொடுத்துவிடும். பவரை எண்ண முடியாது. தரவு வரும் முன்பே, இவ்வளவு விளைவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவது அது. சோதனை முடிந்த பிறகும், எடுத்த முடிவு சரியா தவறா என்று பெரும்பாலும் தெரியவே வராது. பகுப்பாய்வாளரிடம் விடைத்தாள் இல்லை. அதனால்தான் பாடத்திட்டத்தில் குறைவாகத் தோன்றும் அவருடைய கணிதத்தை அரைகுறையாக வைத்துக்கொள்ள முடியாது.

நிருபன் எழுதியது:

மங்கை அம்மா, 14 என்பதை நம்ப முடியாமல் நானே ஓட்டிப் பார்த்தேன். சூத்திரம் நினைவில் இல்லாதவனின் வழி இது:

```python
import numpy as np
rng = np.random.default_rng(1)
n, R = 3000, 20000
a = rng.binomial(n, 0.050, R) / n
b = rng.binomial(n, 0.055, R) / n
se = np.sqrt((a*(1-a) + b*(1-b)) / n)
print(np.mean(np.abs(b - a) > 1.96 * se))
```

0.14-ஐ ஒட்டியே வருகிறது. இருபதாயிரம் கற்பனைச் சோதனைகளில் பெரும்பாலானவை கோட்டைவிட்டன. எங்கள் குழுவில் புது மாதிரிக்கும் பழைய மாதிரிக்கும் நடத்திய சோதனைகளை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்து, வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவு தோன்றும் வாய்ப்பான p-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுவோம்.

(மாடலுக்கும் மாதிரி, சாம்பிளுக்கும் மாதிரி. அதற்கு ஒரு தனி இழை வேண்டும்.)

மங்கை எழுதியது:

அப்படி நடுநடுவே பார்ப்பது வேறு நோய். வித்தியாசமே இல்லாதபோதும், சம இடைவெளியில் ஐந்து முறை பார்த்து ஏதோ ஒரு முறை 0.05-க்குக் கீழே வந்தால் நிறுத்துவது என்று வைத்தால், தவறான வெற்றி 5-லிருந்து ஏறக்குறைய 14 விழுக்காடாக ஏறிவிடும். இங்கும் 14 வருவது தற்செயல். மேலே உள்ள பவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி சொல். ‘வலு’ எனக்குக் காதுக்கு இனிமைதான். ஆனால் ஒரு ஆபத்து. ‘வலுவான சோதனை’ என்று எழுதினால் வாசகர் ‘வலுவான முடிவு’ என்று படிப்பார். நடப்பதோ நேர்மாறு. மேலே சொன்ன 3,000 பேர் சோதனையில் தற்செயலாக வெற்றி கிடைக்க வேண்டுமென்றால், பார்த்த வித்தியாசம் குறைந்தது 1.1 புள்ளியாவது இருக்க வேண்டும். உண்மையான அரைப் புள்ளியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பவர் குறைந்த சோதனையில் கிடைக்கும் வெற்றிதான் பார்வைக்கு மிக வலுவாக இருக்கும்! அறிமுகப்படுத்திய பிறகு அந்த எண் காணாமல் போகும், எல்லோரும் பருவகாலத்தைக் குறை சொல்வார்கள்.

அதனால் என்ன செய்யும் வலு என்பது சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும். ‘கண்டறிவலு’ என்று வைக்கலாமா?

செந்தில் எழுதியது:

அரைப் புள்ளிக்கு முப்பதாயிரம் பேர் என்பது எனக்குப் புதிது. அந்த வரியை எடுக்கச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக லாஸ் சார்பு எழுதுபவருக்கும், ஆய்வுக் கட்டுரையைப் படித்துக் கட்டமைப்பை மாற்றுபவருக்கும் நுண்கணிதம் இல்லாமல் ஓடாது. நிருபன் செய்வது மட்டும் பொறியாளர் வேலை என்று அட்டவணையில் வந்துவிடக் கூடாது.

‘கண்டறிவலு’ பற்றி: கண்டறி என்றாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடாதா?

மங்கை எழுதியது:

முதல் கருத்தை ஏற்கிறேன். இரண்டாவதும் நியாயமான கேள்விதான். ‘இருந்தால் கண்டறியும்’ என்ற அந்த ‘இருந்தால்’ சொல்லுக்குள் அடங்கவில்லை. நெய்மனும் பியர்சனும் கையாண்ட ஆங்கிலச் சொல்லிலும் அது அடங்கவில்லை. இருந்தாலும் நமக்கு மனம் ஆறவில்லை என்றால் தேடுவோம்.

அருள் எழுதியது:

அப்போது நான் பகுப்பாய்வுக்குப் போகலாமா, கூடாதா?

நிருபன் எழுதியது:

அருள், மேலே உள்ள நிரலில் `n`-ஐ மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். 30400 போட்டால் 0.8-க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஏன் சரியாக 0.8 வரவில்லை என்று உங்களுக்கு உறுத்தினால், போகலாம்.

தேன்மொழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு ‘கண்டறிவலு’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் பதிவுப் பக்கக் கதையை அப்படியே சேர்த்துவிடுகிறேன். அட்டவணையில் ‘எவ்வளவு கணிதம்’ என்ற நெடுவரிசையில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கட்டம் வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டேன், என்ன வைப்பது என்று தெரியவில்லை. ‘தவறு செய்தால் யார் சொல்வார்கள்’ என்று ஒரு நெடுவரிசை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அச்சுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ‘இருந்தால்’ அடங்கிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.