கைப்பேசி, மடிக்கணினிப் பதிவேட்டில் நிலுவைப் பட்டியல் பாதிக்கு மேல் காட்டாமல் விடுகிறது – உதவி தேவை

கேட்பவர், தஞ்சாவூர் தலைமை அலுவலகம் (20 பிப்ரவரி 2025)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் விவசாயிகளுக்கு விதையும் இடுபொருளும் வழங்கும் நிறுவனம். சம்பா, தாளடிப் பருவங்களுக்கு மட்டும் திருவாரூர், மயிலாடுதுறை கிளைகளில் தற்காலிகக் களப்பணியாளர்களை எடுத்து, அவர்களுக்குக் கைப்பேசியும் சிலருக்கு மடிக்கணினியும் கொடுக்கிறோம். கிளைகள் அனுப்பும் எக்செல் கோப்புகளை ஒன்றாக ஒட்டி 64 வரிசைகள் கொண்ட பதிவேட்டை நான் பராமரிக்கிறேன். G பத்தியில் திரும்ப ஒப்படைக்க வேண்டிய நாளும், H பத்தியில் ஒப்படைத்த நாளும் உள்ளன. நிலுவையைக் காட்ட இந்தச் சூத்திரம்:

```
=IF(AND(G2<TODAY(),H2=""),"நிலுவை","")
```

இது 4 பேரை மட்டுமே காட்டுகிறது. கையெழுத்து வாங்கிய ஒப்படைப்புப் படிவங்களை ஒவ்வொன்றாக எண்ணினால் 21 சாதனங்கள் வர வேண்டியிருக்கின்றன. அந்த நால்வரில் ஒருவருக்கு மார்ச் 1 வரை அவகாசம் இருக்கிறது. அவரை அழைத்துச் சாதனத்தைக் கேட்டபோது அவர் வருத்தப்பட்டார், அது நியாயமும்கூட. சூத்திரத்தில் எங்கே பிழை?

கும்பகோணத்திலிருந்து, நிதி நிறுவனக் கிளைப் பணியாளர்

ஐயா, இது தேதி வடிவச் சிக்கல்தான், எங்களுக்கும் வந்தது. G பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, வடிவமைப்பில் நாள்/மாதம்/ஆண்டு என்று மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

கேட்பவர்

மாற்றிப் பார்த்தேன், ஐயா. பட்டியலில் அதே நால்வர்தான் வருகிறார்கள். சில தேதிகள் மட்டும் தோற்றத்தில் மாறின, 31/01/2025 என்றிருப்பவை அப்படியே நிற்கின்றன.

நாகப்பட்டினத்திலிருந்து, கைப்பேசி பழுதுபார்ப்பவர்

திரும்பி வந்த கைப்பேசிகளைப் பற்றிய கேள்வி என்று எண்ணி எழுதுகிறேன். பணியாளர் தம் கூகுள் கணக்கை அமைப்புகளில் நீக்காமல் கொடுத்துவிட்டால், பொத்தான்களை அழுத்தி முழுமையாக அழித்த பிறகும் அது பழைய கணக்கையே கேட்டு நிற்கும். என் கடைக்கு அப்படிப் பல வருகின்றன. வாங்கும்போதே அவர் எதிரில் கணக்கை நீக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

கேட்பவருக்கு: "அப்படியே நிற்கின்றன" என்று நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. வடிவமைப்பு என்பது எண்ணாகச் சேமிக்கப்பட்ட தேதியின் தோற்றத்தை மட்டுமே மாற்றும், உரையாகச் சேமிக்கப்பட்டதைத் தொடாது. ஒரு காலிக் கலத்தில் COUNTA(G2:G65) என்றும் மற்றொன்றில் COUNT(G2:G65) என்றும் போட்டுப் பாருங்கள். முதலாவது நிரம்பிய கலங்கள் எல்லாவற்றையும் எண்ணும், இரண்டாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டும் வேறுபட்டால் வேறுபாட்டளவு கலங்கள் உரைதான். எக்செல் ஒப்பிடும்போது எந்த உரையையும் எந்த எண்ணைவிடவும் பெரியதாகவே கொள்ளும். ஆகவே உரையாகிவிட்ட 31/01/2025 ஒருநாளும் TODAY()-ஐவிடச் சிறியதாகாது, அந்தச் சாதனம் எத்தனை மாதம் வராவிட்டாலும் நிலுவையில் ஏறாது.

இதைவிட ஆபத்தானது மற்றொரு பாதி. மாதம் முதலில் வரும் அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் 31/01/2025 என்று தட்டினால், 31-ஆவது மாதம் இல்லாததால் அது உரையாகிறது, நம் கண்ணுக்கும் இடப்பக்கம் ஒட்டி நிற்பது தெரிகிறது. ஆனால் பிப்ரவரி 5 என்று நினைத்து 05/02/2025 தட்டினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மே 2 ஆகிவிடுகிறது. உங்கள் மார்ச் 1 பணியாளர் ஜனவரி 3 ஆகிப் பட்டியலில் வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எந்தக் கிளையின் கணினி இப்படி இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். 12-க்கு மேற்பட்ட நாளுள்ள தேதிகள் ஒரு கிளையில் எல்லாமே எண்ணாக இருந்தால், அந்தக் கிளை சரியாக உள்ளது, அதைத் தொடக்கூடாது. அவை எல்லாமே உரையாக இருந்தால், அந்தக் கிளையின் 12-க்குட்பட்ட தேதிகளும் இடம் மாறியவையே. அந்தக் கிளையின் வரிசைகளுக்கு மட்டும் புதிய பத்தியில் இதைப் போடுங்கள்:

```
=IF(ISTEXT(G2),DATE(RIGHT(TRIM(G2),4),MID(TRIM(G2),4,2),LEFT(TRIM(G2),2)),DATE(YEAR(G2),DAY(G2),MONTH(G2)))
```

மற்றக் கிளை வரிசைகளில் =G2 என்று போட்டு, நிலுவைச் சூத்திரத்தில் G2-க்குப் பதில் இந்தப் புதிய பத்தியைக் காட்டுங்கள். பழைய G பத்தியை அழிக்காதீர்கள். திருத்திய தேதிகள் மீதே இந்தச் சூத்திரத்தை மறுபடி ஓட்டினால், 12-க்குட்பட்டவை திரும்பவும் இடம் மாறிவிடும்.

கேட்பவர்

மிக்க நன்றி, ஐயா. COUNTA 64, COUNT 41. உரையாக இருந்த 23 கலங்களும் திருவாரூர்க் கிளையுடையவை, மயிலாடுதுறையில் ஒன்றுகூட இல்லை. திருவாரூர்க் கணினியில் வட்டார அமைப்பு `English (United States)` என்றே இருந்தது. அதை `English (India)` ஆக்கச் சொல்லிவிட்டேன். புதிய பத்தியின்படி எண்ணினால் 17 வருகின்றன, மார்ச் 1 பணியாளரும் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டார். ஆனால் படிவத்தில் 21 அல்லவா?

மன்னார்குடி தணிக்கையாளர்

H பத்தியில் காலியாக விட வேண்டிய இடத்தில் யாராவது கோடு போட்டோ "பேசியுள்ளேன்" என்று எழுதியோ வைத்திருப்பார்கள். H பத்தியிலும் திருவாரூர்த் தேதிகள் உரையாக நின்றால் அவற்றை முதலில் சரிசெய்துவிட்டு, H2="" என்பதற்குப் பதில் NOT(ISNUMBER(H2)) என்று கேளுங்கள். தேதி இருந்தால்தான் சாதனம் வந்தது என்று பொருள், குறிப்புக்குத் தனிப் பத்தி வையுங்கள்.

கேட்பவர்

மூன்று கலங்களில் கோடு இருந்தது. இப்போது 20. எஞ்சிய ஒன்றையும் கண்டுபிடித்தேன். படிவத்தில் திருவாரூர்ப் பணியாளர் ஒருவர் பெயரில் உள்ள கைப்பேசி, பதிவேட்டில் நன்னிலத்துப் பணியாளர் பெயரில், மார்ச் 31 என்ற தேதியுடன் இருக்கிறது. முன்னவர் டிசம்பரில் நின்றபோது கிளையில் கைமாற்றி, அதே வரிசையில் பெயரை அழித்து எழுதியிருக்கிறார்கள்.

மன்னார்குடி தணிக்கையாளர்

சாதனத்துக்கு ஒரு வரிசை என்று வைத்தால் இப்படித்தான் வரலாறு அழியும். சாதனங்களின் பட்டியலை ஒரு தாளில் வையுங்கள், அதில் கைப்பேசிக்கு `*#06#` அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை உரை வடிவிலேயே எழுதுங்கள். வழங்கல்களை இன்னொரு தாளில் வையுங்கள், ஒவ்வொரு முறை கை மாறும்போதும் அங்கே புதிய வரிசை சேர வேண்டும். பழைய வரிசையில் திரும்பிய நாளை நிரப்பாமல் அதே சாதனத்துக்கு அடுத்த வரிசை எழுதக்கூடாது.

கும்பகோணத்திலிருந்து

இவ்வளவு எதற்கு ஐயா, வராதவர்களின் கடைசிச் சம்பளத்தில் விலையைப் பிடித்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும்.

மன்னார்குடி தணிக்கையாளர்

அப்படி நினைத்தவுடன் பிடிக்க முடியாது, தம்பி. ஊதியச் சட்டம், பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் தொலைந்தது என்றால் மட்டும், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகு பிடிக்க இடம் தருகிறது. பிடித்தம் இழப்பின் அளவைத் தாண்டக்கூடாது, மொத்தப் பிடித்தங்களுக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த விளக்கத்தில் நீங்கள் காட்டப்போவது இந்தப் பதிவேட்டைத்தான். நேற்றுவரை மார்ச் 1 ஜனவரி 3 ஆக இருந்த பதிவேட்டை வைத்து ஒருவர் சம்பளத்தில் கை வைப்பது சரியல்ல.

கேட்பவர்

நன்னிலத்துக் கைப்பேசிக்கு இரண்டு வரிசைகளாகப் பிரித்து எழுதிவிட்டேன், ஆனால் முன்னவர் அதைக் கிளையில் ஒப்படைத்த நாளுக்கு எந்தத் தாளும் இல்லை. அவர் சொல்லும் தேதியும் கிளை மேலாளர் சொல்லும் தேதியும் பத்து நாள் வேறுபடுகின்றன. தவிர, நிலுவையில் உள்ள 20 பேரில் சிலர் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர்கள், அவர்களுக்குச் சம்பளம் தருவதே நாங்கள் இல்லை. அவர்களிடமிருந்து மீட்பதற்கு நாங்கள் நேரடியாக எழுத வேண்டுமா, ஒப்பந்ததாரருக்கு எழுத வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.