ஜேர்மன் பாடத்தில் ஆங்கிலத்துக்காக இழந்த உயிர்கள்

வெள்ளவத்தையிலிருந்து, தொடக்கப் பதிவு

கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். அவருடன் போய்ச் சேர்வதற்கு நான் ஜேர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 தேர்வில் சித்தியடைய வேண்டும். சனிக்கிழமைகளில் வகுப்புக்குச் செல்கிறேன். மற்ற நாட்களில் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில், பணம் கட்டாமல், நான்கு மாதங்களாகப் படித்து வருகிறேன். காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கும் வரைதான் எனக்கு அமைதியான நேரம். இந்தச் செயலியில் ஐந்து உயிர்கள் தருகிறார்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒன்று போகும். போன ஒன்று திரும்பி வர ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். பம்பலப்பிட்டி வருவதற்குள் ஐந்தும் முடிந்து, கடலைப் பார்த்துக்கொண்டு போன நாட்கள் பல.

எனக்கு ஜேர்மன் வரவில்லை என்றே முதலில் நினைத்தேன். பிறகு இரண்டு வாரம், இழந்த ஒவ்வோர் உயிரையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மொத்தம் 46. அவற்றில் 27, ஜேர்மன் வசனத்தை ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன இடங்களில் போயிருந்தன. 'டி ஃபிராவ் லீஸ்ட் ஐன் பூஹ்' என்ற வசனம் வந்தபோது, அந்தப் பெண் புத்தகம் வாசிக்கிறாள் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் 'உமன் இஸ் ரீடிங் புக்' என்று எழுதினேன். ஆங்கிலச் சிறு சொற்களான 'த'வும் 'அ'வும் விடுபட்டதால் உயிர் போனது. தமிழில் அந்தச் சிறு சொற்கள் இல்லாததால் என் கை அவற்றைத் தானாக எழுதுவதில்லை. இந்தச் செயலியில் தமிழ் வழியாக ஜேர்மன் படிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. ஆங்கிலப் பிழைக்காக நிறுத்தப்படுவதைத் தவிர்க்கச் சந்தா கட்டுவது சரியா? கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

தங்கச்சி, நான் கட்டினேன், எனக்கு மிகவும் திருப்தி. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வரும் விளம்பரம் நின்றுவிட்டது. காணொளி விளம்பரங்கள் என் டேட்டாவில் பெரும் பகுதியைத் தின்றுகொண்டிருந்தன. பாடங்களை ஒரு முறை இறக்கி வைத்துவிட்டால் அதன் பிறகு இணையமே தேவையில்லை. வேண்டாம் என்றால் செயலியை அழித்துவிட்டால் போதும், சந்தாவும் தானாக நின்றுவிடும்.

தெஹிவளையிலிருந்து, ஜேர்மன் கற்பிக்கும் ஒருவர்

அண்ணன் விளம்பரத்தைப் பற்றிச் சொன்னது சரி. மற்ற இரண்டையும் திருத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது பணம் சம்பந்தப்பட்டது. செயலியை அழிப்பதால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டு கைபேசியானால் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் உள்ள பகுதிக்குச் சென்று, அங்கே ரத்துச் செய்ய வேண்டும். இலவசச் சோதனைக் காலத்தை எடுப்பவர்களும் அது முடிவதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் அட்டையிலிருந்து பணம் போகும்.

இறக்கி வைத்த பாடங்களுக்கும் எல்லை உண்டு. சந்தா செல்லுபடியாகிறதா என்று செயலி இடைக்கிடை இணையத்தில் பார்த்துக்கொள்ளும். உச்சரிப்பைக் கேட்டுச் சரிபார்க்கும் பயிற்சிகள் பெரும்பாலும் இணையம் இல்லாமல் நடக்காது. இணையமின்றிச் செய்த பாடம், மீண்டும் இணைந்த பிறகே கணக்கில் சேரும். ஆகவே இரவு ரயிலில் படித்துவிட்டு நள்ளிரவு கடந்து இணைத்தால், நாள் தவறாமல் படித்ததைச் செயலி எண்ணிவரும் தொடர்நாள் எண்ணிக்கை அறுந்துபோகக்கூடும். பாடம் உண்மையில் இறங்கியிருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துப் பாடத்தைத் திறந்து, குரல் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். எழுத்து வந்து குரல் வராவிட்டால் அது பாதிதான் இறங்கியிருக்கிறது.

இனி, தங்கச்சியின் கேள்வி. சந்தா, பிழை செய்த பிறகும் உங்களைத் தொடர விடும், பிழையை நீக்காது. பெரும்பாலான செயலிகளில் தவறிய வசனம் பாடத்தின் இறுதியில் மறுபடி வந்து நிற்கும், நீங்கள் மறுபடி 'அ'வை விடுவீர்கள். எனவே பணத்துக்கு முன் இரண்டைச் செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொல்லும் இடத்தில் விசைப்பலகைக்குப் பதிலாகச் சொற்கட்டங்களைத் தெரிவுசெய்யும் பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். கட்டங்களில் 'த'வும் 'அ'வும் கண்முன்னே இருப்பதால் விடுபடாது. ஆனால் ஜேர்மனில் எழுதும் இடத்தில் விசைப்பலகையையே வைத்திருங்கள். அங்கே பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டி, டஸ் பிழைக்கு உயிர் போவது நியாயம், தேர்விலும் அது தேவை. அடுத்தது, பழைய பாடத்தை மீட்டும் பயிற்சி முடித்தால் ஓர் உயிர் தருகிறார்கள் என்றால், காலையில் அதை முதலில் செய்துவிட்டுப் புதிய பாடத்துக்குப் போங்கள்.

இதையும் கவனியுங்கள். ஏ1 எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தை நிரப்பி, ஏறத்தாழ 30 சொற்களில் ஒரு சிறு செய்தி எழுத வேண்டும். 100இல் 60 புள்ளி எடுத்தால் சித்தி. அங்கே எவரும் உங்களை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கச் சொல்வதில்லை. உங்கள் 27 உயிர்களும் தேர்வுக்கு வராத வேலையில்தான் போயிருக்கின்றன.

மட்டக்குளியிலிருந்து

நான் அரச உத்தியோகத்தர். இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காகச் சிங்களம் படிக்கிறேன். இந்த உயிர்கள் சிங்களப் பாடத்துக்கும் ஐந்துதானா? எந்தச் செயலி என்று சொன்னால் நானும் சந்தா கட்டுகிறேன்.

தெஹிவளையிலிருந்து

ஐயா, இவர் படிப்பது ஜேர்மன். நான் பார்த்த பெரிய செயலிகளில் சிங்களப் பாடம் இருக்கவில்லை. தேர்வை நடத்தும் அரச கரும மொழிகள் திணைக்களத்தில் பாடநூல்களைப் பற்றி விசாரிப்பதே உங்களுக்கு உதவும்; அதற்கு முன் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து, கொரிய மொழி படிக்கும் மாணவர்

அக்கா, ஆசிரியர் சொன்ன வழி என் கைபேசியில் பலிக்கவில்லை. எனக்கு உயிர்கள் போய், அவற்றின் இடத்தில் சக்தி என்று ஒன்று வந்துவிட்டது. பிழை விட்டாலும் விடாவிட்டாலும் ஒவ்வொரு பயிற்சிக்கும் அது குறைகிறது. முன்பு கவனமாகப் படித்தால் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். இப்போது எல்லாம் சரியாகச் செய்தாலும் சில பாடங்களோடு முடிகிறது. நிதானமாகப் படிப்பவருக்கு இதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆறு பேர் வரை சேரும் குடும்பச் சந்தாவை மாமாவின் பிள்ளைகளோடு பகிர்ந்து எடுத்திருக்கிறேன். தனியாகக் கட்டியிருந்தால் எனக்குக் கட்டுபடியாகியிருக்காது.

தெஹிவளையிலிருந்து

தம்பி சொல்வது உண்மை. அந்த முறையில் பிழைகளை எண்ணுவதால் பயன் குறைவு. எத்தனை பயிற்சிகள் தருகிறார்கள் என்பதே கணக்கு. அதற்கு இலவச வழி எதுவும் என்னிடம் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து, இரண்டு வாரங்களின் பின்

சொற்கட்டங்களுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு வாரக் கொப்பியில் 11 உயிர்கள்தான் போயிருக்கின்றன. அவற்றில் ஒன்பது, டெர்ருக்குப் பதிலாக டஸ் எழுதியதால். இப்போது அந்த ஒன்பதையும் வகுப்புக்குக் கொண்டுபோய்க் கேட்கிறேன். முன்பு எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியாது.

ஏழு நாள் இலவசச் சோதனையையும் எடுத்துப் பார்த்தேன். விளம்பரம் இல்லாமல் ரயிலில் இரண்டு பாடம் கூடுதலாக முடிந்தது. அதை மறுக்க முடியாது. மூன்றாம் நாளே பிளே ஸ்டோரில் ரத்துச் செய்துவிட்டேன், ஏழாம் நாள் வரை அது வேலை செய்தது. தேர்வுக்கு முந்திய மாதம் மட்டும் கட்டலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். அதற்குள் என் கைபேசிக்கும் அந்தச் சக்தி முறை வந்துவிடுமா என்பதுதான் என் கவலை. அது வந்துவிட்டவர்கள் இங்கே எழுதுங்கள்.