காலவரிசைக் கட்டுரையைக் கருப்பொருள் வாரியாகப் பிரித்ததும் தேதிகள் முரண்படுகின்றன (ரஷ்யா, 1917)

தென்கரை மாணவி

முதுகலை வரலாறு படிக்கிறேன். 1917 பிப்ரவரிப் புரட்சி முதல் 1918 மார்ச் பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் உடன்படிக்கை வரை மாதவாரியாக ஒரு கட்டுரை எழுதினேன். நெறியாளர் அதைப் போர், நிலம், அதிகாரம் என்று மூன்று பகுதிகளாக மாற்றச் சொன்னார். பத்திகளை வெட்டி அந்தந்தப் பகுதியில் சேர்த்துவிட்டேன். இப்போது பகுதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

போர்ப் பகுதியில், "ஜூலை 1 அன்று போர் அமைச்சர் கெரென்ஸ்கியின் தாக்குதல் தொடங்கியது" என்று இருக்கிறது. அதிகாரப் பகுதியில், "அத்தாக்குதலின் தோல்வியால் கொதித்த படைவீரர்களும் தொழிலாளர்களும் ஜூலை 3 அன்று பெட்ரோகிராடில் ஆயுதங்களோடு தெருவில் இறங்கினர்" என்று இருக்கிறது. நெறியாளர் ஓரத்தில் பென்சிலால், "தொடங்கிய இரண்டே நாளில் தோல்வியா?" என்று எழுதியிருக்கிறார். இரண்டு தேதிகளையும் நல்ல நூல்களிலிருந்துதான் எடுத்தேன். எங்கே சரிசெய்வது?

கல்லூரிச் சாலை

இது பழைய நாட்காட்டிப் பிரச்சினை. ரஷ்யாவில் அப்போது ஜூலியன் நாட்காட்டி இருந்தது; அது இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்குப் பின்தங்கியது. ரஷ்யத் தேதி எல்லாவற்றோடும் 13 நாளைக் கூட்டிவிடுங்கள், முடிந்தது வேலை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

கல்லூரிச் சாலை நோயைச் சரியாகச் சொன்னார். மருந்தை மட்டும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள், அம்மா. உங்கள் இரண்டு தேதிகளும் இரண்டு வெவ்வேறு நாட்காட்டிகளில் இருக்கின்றன. தாக்குதல் தொடங்கியது பழைய கணக்கில் ஜூன் 18. அதுவே புதிய கணக்கில் ஜூலை 1. தெருக் கிளர்ச்சி பழைய கணக்கில் ஜூலை 3. புதிய கணக்கில் ஜூலை 16. ஆக இடைவெளி இரண்டு நாள் அல்ல, பதினைந்து நாள். மாதவாரியாக எழுதியபோது இரண்டும் "ஜூலை" என்ற ஒரே தலைப்புக்குள் அடங்கியதால் கண்ணில் படவில்லை.

ஆனால் தேதியைத் திருத்தியதோடு நிற்காதீர்கள். உங்கள் வாக்கியத்தில் உள்ள காரணமும் இப்போது ஆட்டம் காண்கிறது. தாக்குதல் முதலில் கலீசியாவில் ஓரளவு முன்னேறியது. ஜெர்மனியின் எதிர்த்தாக்குதல் தொடங்கியது புதிய கணக்கில் ஜூலை 19. படை சிதறியது அதற்குப் பிறகு. கிளர்ச்சியோ ஜூலை 16-லேயே தொடங்கிவிட்டது. பின்னால் வந்த தோல்வி முன்னால் நடந்த கிளர்ச்சிக்குக் காரணமாக முடியாது. தலைநகரில் இருந்த படைப்பிரிவுகள், குறிப்பாக முதல் இயந்திரத் துப்பாக்கிப் படை, தங்களைப் போர்முனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சியதையும், உக்ரைன் தன்னாட்சி விவகாரத்தில் தாராளவாதக் கேடட் கட்சி அமைச்சர்கள் முந்தைய நாள்தான் பதவி விலகியதையும் அங்கே எழுத வேண்டும். தாக்குதலுக்கும் கிளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு. அது நீங்கள் எழுதிய தொடர்பு அல்ல.

13 நாள் கணக்கைப் பற்றி. உங்கள் நிலப் பகுதி பண்ணையடிமை ஒழிப்பிலிருந்து தொடங்கும் என்று நினைக்கிறேன். அந்த ஆணை 1861 பிப்ரவரி 19. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள்தான். எனவே புதிய கணக்கில் மார்ச் 3. 13 கூட்டினால் மார்ச் 4 என்று தவறிவிடும். கட்டுரையின் மறுமுனையில் வேறொரு பள்ளம். சோவியத் அரசு நாட்காட்டியை மாற்றியபோது 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் உடன்படிக்கையின் மார்ச் 3 ஏற்கெனவே புதிய கணக்கு. அதில் எதையும் கூட்டக் கூடாது.

ஆற்றங்கரை

எக்செல் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியின் வரலாற்றுக்காகத் தேதிப் பட்டியல் தயாரித்தபோது எனக்கும் வரிசை குழம்பியது. எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஏறுவரிசையில் அடுக்கினால் எண்ணுக்குப் பிறகுதான் எழுத்து வரும். அதனால் 1861 போய் 1918-க்குக் கீழே உட்கார்ந்துவிடும். அந்த நிரலை முதலிலேயே Text என்று வைத்துவிட்டு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தட்டச்சு செய்யுங்கள்:

```
1861-03-03
1917-07-01
1917-07-16
1918-03-03
```

பாளை வாசகர்

கருப்பொருள் கட்டுரையில் நாள், மாதம் எதற்கு? ஆண்டை மட்டும் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஒரு நூற்றாண்டைப் பற்றிய கட்டுரை என்றால் ஒப்புக்கொள்வேன். இங்கே முக்கால்வாசி நிகழ்வுகள் ஒரே ஆண்டில் நடக்கின்றன. நாளை எடுத்துவிட்டால் எது முன், எது பின் என்று வாசகர் எதை வைத்து அறிவார்?

ஆற்றங்கரை சொன்ன அட்டவணை கேள்விக்கு வெளியே இருந்தாலும் மிகவும் பயன்படும். அதில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் பழைய தேதி, புதிய தேதி, எந்த நூலில் எடுத்தது, எந்தப் பகுதியில் வருகிறது என்று நான்கு கட்டங்கள் இருக்கட்டும். நூல் எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறது என்பது பெரும்பாலும் முன்னுரையிலோ முதல் அடிக்குறிப்பிலோ இருக்கும். அங்கே இல்லாவிட்டால் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த நாளைத் தேடுங்கள்: அக்டோபர் 25 என்றிருந்தால் பழையது, நவம்பர் 7 என்றிருந்தால் புதியது.

அட்டவணை முடிந்ததும் கட்டுரையில் "அடுத்த மாதம்", "அதே வாரம்", "இதற்குள்" போன்ற சொற்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். மாதவாரியாக இருந்தபோது அவை முந்தைய பத்தியைச் சுட்டின. பத்தி இடம் மாறியதும் அவை வேறு எதையோ சுட்டும். இலக்கணம் சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு தேதியையோ நிகழ்வின் பெயரையோ வையுங்கள்.

தென்கரை மாணவி

மிக்க நன்றி, ஐயா. அட்டவணை போட்டேன். அதிலேயே இன்னொன்று சிக்கியது. வெளியுறவு அமைச்சர் மிலியுகோவ் நட்பு நாடுகளுக்கு அனுப்பிய குறிப்பு மே 1 என்றும் அவர் பதவி விலகியது மே 2 என்றும் எழுதியிருந்தேன். முதலாவது புதிய கணக்கு, இரண்டாவது பழையது. உண்மையில் மே 1, மே 15. மறுநாளே விலகவில்லை; இடையில் இரண்டு வாரம் போராட்டமும் பேரமும் நடந்திருக்கின்றன. முழுக் கட்டுரையையும் புதிய கணக்குக்கு மாற்றி, முதல் அடிக்குறிப்பில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அமைதி ஆணையும் நில ஆணையும் தொழிலாளர், படைவீரர் மன்றங்களான சோவியத்துகளின் இரண்டாவது மாநாட்டில், நவம்பர் 8 இரவு தொடங்கிய ஒரே அமர்வில் நிறைவேறின. இப்போது ஒன்று போர்ப் பகுதியிலும் மற்றது நிலப் பகுதியிலும் இருக்கின்றன. இரண்டும் ஒரே அமர்வு என்பதே தெரியவில்லை. தலைமைப் படைத்தளபதி கோர்னிலோவ் அரசோடு மோதிய விவகாரத்தை எங்கே வைப்பது என்றும் புரியவில்லை.

கல்லூரிச் சாலை

12 நாள் விஷயம் எனக்குப் புதிது, குறித்துக்கொண்டேன். கோர்னிலோவை அதிகாரப் பகுதியில் வையுங்கள். அப்போது பிரதமராக இருந்த கெரென்ஸ்கி அவரைப் பதவிநீக்கியது செப்டம்பர் 9. அதன் பிறகுதான் பெட்ரோகிராட் சோவியத்தில் போல்ஷெவிக்குகளுக்குப் பெரும்பான்மை வந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்

மாநாட்டு அமர்வை அதிகாரப் பகுதியில் ஒரே முறை விரிவாக எழுதுங்கள். மற்ற இரு பகுதிகளிலும் அந்தந்த ஆணையின் உள்ளடக்கம் போதும். தொடக்கத்தில் "நவம்பர் 8 இரவு, அமைதி ஆணை நிறைவேறிய அதே அமர்வில்" என்று ஒரு தொடர் வந்தால் இணைப்பு விளங்கிவிடும்.

கோர்னிலோவ் விஷயத்தில் நான் போர்ப் பகுதியைத்தான் சொல்வேன். போர்முனையில் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவந்தது ஜூலை 25. கோர்னிலோவின் கோரிக்கைகள் அந்தப் படை ஒழுங்குச் சிக்கலிலிருந்தே கிளம்பின. அதிகாரப் பகுதியில் வைத்தால் அவர் திடீரென்று முளைத்தவர் போலத் தெரிவார்.

கல்லூரிச் சாலை

ஐயா, போர்ப் பகுதியில் வைத்தால் கோர்னிலோவைத் தடுக்கப் பெட்ரோகிராடில் தொழிலாளர்களுக்கு ஆயுதம் கிடைத்த கதை அதிலேயே புதைந்துவிடுமே. அக்டோபரை அதில்லாமல் எப்படி விளக்குவது?

தென்கரை மாணவி

இருவர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. இரண்டு விதமாகவும் எழுதி நெறியாளரிடம் காட்டப்போகிறேன்.