சிகரெட்டை விட்டபின் எடை ஏறியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொக்குவில் வாசி:
மாசியில் சிகரெட்டை விட்டேன். வருடப்பிறப்புக்குக் காற்சட்டை தைக்கப் போனபோது, தையற்காரர் கொப்பியில் என் பழைய அளவைப் பார்த்துவிட்டு நாடாவை இடுப்பில் சுற்றினார். ஒன்றும் பேசாமல் இன்னொரு தரம் சுற்றினார். அந்த இரண்டாவது சுற்று இன்னும் மனதை அரிக்கிறது. வீட்டில் சோறும் புட்டும் அதே அளவுதான். பிறகு எப்படி?

பண்ணைக்காற்று:
எனக்கும் இதே கதைதான். சிகரெட் உடம்பில் உள்ளதை எரித்துக்கொண்டிருந்தது, இப்போது எரிக்க ஆளில்லை. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் இரவுச் சோற்றை அடியோடு நிறுத்துங்கள். பனங்கட்டியோடு தேநீர் குடியுங்கள், சீனியைத் தொடாதீர்கள். காலையில் வெந்தயத் தண்ணீர், மாலையில் முருங்கையிலைச் சாறு. ஞாயிறு முழு விரதம்.

நல்லூர்த் தாதி:
பண்ணைக்காற்று அண்ணா சொல்வதில் பாதிதான் சரி. நிக்கோட்டின் உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தைச் சற்றுக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் பசியையும் அதுவே அடக்கி வைத்திருந்தது. அது போனதும் பசி திரும்பும், நாக்கும் மூக்கும் விழித்துக்கொள்ளும். சராசரியாக ஓராண்டில் 4 முதல் 5 கிலோ ஏறும், அதில் பெரும்பங்கு முதல் 3 மாதங்களிலேயே. சிலருக்கு ஏறுவதே இல்லை.

எங்களிடம் வந்த மினிபஸ் சாரதி ஒருவரும் சோறு கூடவில்லை என்றுதான் சாதித்தார். கேட்டுப் பார்த்தால், புகைத்த வேளைகளில் எல்லாம் இப்போது தேநீர். நாளுக்கு 4 கோப்பை கூடுதல், ஒவ்வொன்றிலும் 3 தேக்கரண்டிச் சீனி. அதுவே ஏறத்தாழ 200 கலோரி. 3 மாதத்தில் 2 கிலோவுக்கு மேல் சேர்த்துவிடும். தேநீரை அவர் விடவில்லை, சீனியைப் படிப்படியாகக் குறைத்தார். ஆசை எழும்போது பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார். அந்த ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். பனங்கட்டியும் இனிப்புத்தான், கணக்கில் தப்பாது. பட்டினி கிடக்காதீர்கள். முதல் வாரங்களில் பசியையும் புகை ஆசையையும் பிரித்தறிவது கடினம். நிக்கோட்டின் சூயிங்கம் மெல்லும் காலத்தில் எடை ஏற்றம் சற்றுத் தள்ளிப்போகும். வைத்தியரைக் கேட்டு வாங்குங்கள்.

கொக்குவில் வாசி:
தங்கச்சி, நான் சீனி போடாமல் குடிப்பவன். ஆனால் மாலையில் சந்தியில் ஒரு ரோல்ஸ், பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு சரை கச்சான். இரண்டும் மாசிக்குப் பிறகு வந்தவை. இதுவும் அதே கணக்கா?

தென்மராட்சி மகள்:
என் அப்பா சுருட்டை விட்டு நாளாகிவிட்டது. ஆனால் எடை குறைந்துகொண்டே போகிறது, இருமலும் நிற்கவில்லை. அவரை எப்படித் தேற்றுவது? ஊட்டச்சத்து மா கொடுக்கலாமா?

நல்லூர்த் தாதி:
மகளே, சுருட்டை விட்டதால் எடை குறையாது. மா வாங்குவதைத் தள்ளிவையுங்கள். இந்த வாரமே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள், நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். கொக்குவில் அண்ணா, கச்சானும் அதே கணக்குத்தான்: ஒரு கை நிறைய அள்ளினாலே 150 கலோரிக்கு மேல்.

பண்ணைக்காற்று:
கச்சான் உடம்புக்கு நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?