கல்லீரல் ஸ்கேனில் கட்டிக்குள் கட்டி: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்கேன் டாக்டர், உசிலம்பட்டி

போன மாதம் பார்த்த படம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆட்டுக்கிடை போடுகிறவர், நாற்பதைத் தாண்டியவர். வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை. புரோபை அழுத்தினாலும் வலி இல்லை. கையில் வெளியே எடுத்த ரிப்போர்ட்: வலது லோபில் தடுப்புகள் உள்ள 9 செ.மீ. கட்டி, சீழாக இருக்கலாம், ஊசி வைத்து எடுத்துப் பார்க்கவும். மறுநாள் காலை ஊசி என்று நேரமும் குறித்தாகிவிட்டது.

முதல் பார்வைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, கறுப்புக் கட்டிக்குள் கோடு கோடாகத் தடுப்பு. ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, புரோபை மெல்லச் சாய்த்துக்கொண்டே போனேன். அது ஒரு சுவரில் தொடங்கி எதிர்ச் சுவரில் போய் முடியவில்லை. வளைந்து திரும்பி வட்டமாக மூடிக்கொண்டது. பக்கத்துக் கோடும் அப்படியே. இரண்டு வட்டங்கள் ஒட்டுகிற இடம்தான் தடுப்பு மாதிரி தெரிந்திருக்கிறது! மூன்று வட்டங்கள் கூடும் மூலையில் சின்ன முக்கோண இடுக்கு, அதற்குள் சாம்பல் நிறம். வட்டங்களுக்குள்ளே சுத்தக் கறுப்பு. எல்லாவற்றையும் சுற்றி ஒரே தடித்த ஓடு.

அந்த முக்கோணம்தான் கண்ணிலேயே நிற்கிறது. ஒற்றைத் தடுப்புகள் சந்தித்தால் அப்படி இடுக்கு விழாது. இது சீழ் இல்லை, நாயிடமிருந்து தொற்றும் நாடாப்புழுவால் வருகிற ஹைடாடிட் கட்டி, உள்ளே இருப்பவை அதன் குட்டிக் கட்டிகள் என்று தோன்றியது. உடனே போன் செய்து ஊசியை நிறுத்தச் சொன்னேன். உங்களில் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

பிஜி, ரேடியாலஜி

எங்களுக்கு ஒரு அம்மா வந்தார். கட்டிக்குள் நிறைய கட்டி. டாப்ளர் போட்டோம், தடுப்பில் ரத்த ஓட்டம் இல்லை. ஹைடாடிட் என்று எழுதினோம். பிறகு எலைசா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் வந்ததும் சாதாரண நீர்க்கட்டிகள் என்று மாற்றிக் கொடுத்தோம். டாப்ளரில் ஓட்டம் இருக்கக்கூடாது, ரத்தப் பரிசோதனை பாசிட்டிவாக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ஹைடாடிட் என்பேன். அப்புறம், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தீர்களா சார்? கட்டிக்குள்ளே இருக்கிற புழுத்துகள் மணல் பனி மாதிரி விழ வேண்டுமே. விழாவிட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

மேலூர் வாசி

என் அம்மாவுக்கும் கல்லீரலில் 2 செ.மீ. நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. கிட்னியிலும் ஒன்று இருக்கிறதாம். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுவிட்டார்கள். எங்கள் வீட்டில் நாய் வளர்க்கிறோம். இதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. இதுவும் அதுதானா?

அறுவை சிகிச்சை, மதுரை

பிஜி தம்பி, அந்த அம்மாவின் ரிப்போர்ட்டை மாற்றியது சரியில்லை. ஓடு உடையாமல் இருக்கும்போது எலைசா நெகட்டிவ் வருவது உண்டு. படம் தெளிவாக இருந்தால் படத்தைத்தான் நம்ப வேண்டும். ரத்த ஓட்டம் இல்லை என்பதும் எதையும் நிரூபிக்காது, சாதாரணத் தடுப்பிலும் பெரும்பாலும் இருக்காது. தடுப்பில் ஓட்டம் தெரிந்தால் மட்டும் வேறு கட்டியா என்று யோசிக்க வேண்டும். குட்டிக் கட்டிகள் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் மணல் விழ இடம் ஏது? அது குட்டிகள் உருவாகாத ஒற்றை அறைக் கட்டியில் பார்க்கிற விஷயம். முடிந்தால் அந்த அம்மாவை மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள்.

மேலூர்க்காரருக்கு: பல கட்டிகள் தனித்தனியாக, நடுவே கல்லீரல் சதையோடு இருப்பது வேறு. ஒரே ஓட்டுக்குள் பல கட்டிகள் இருப்பது வேறு. உங்கள் அம்மாவுடையது ஒற்றைக் கட்டி, மெல்லிய சுவர், உள்ளே எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் சாதாரணமானதுதான். ஹைடாடிட்டும் ஆரம்பத்தில் ஒற்றை அறையாகத்தான் இருக்கும், ஆனால் அதன் சுவர் இரட்டைக் கோடாகத் தெரியும். படத்தைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது.

எனக்கு மறக்காதது ஒரு ஆபரேஷன். மஞ்சள் காமாலையோடு வந்தவர். பித்தக்குழாயைத் திறந்ததும் பன்னீர் திராட்சை போல ஒரு குட்டிக் கட்டி வழுக்கி வெளியே வந்தது. தாய்க்கட்டி குழாய்க்குள் உடைந்திருந்தது. அதனால் குட்டிகள் இருக்கிற கட்டி என்றால் பித்தக்குழாயையும் அளந்து எழுதுங்கள், மார்பு எக்ஸ்ரேயும் எடுங்கள். ஊசி விஷயத்தில் சார் செய்ததுதான் சரி. ஆல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையின் பாதுகாப்பு இல்லாமல் குத்தினால் நீர் கசிந்து கடுமையான ஒவ்வாமை வரலாம், வயிற்றுக்குள் பரவி புதிய கட்டிகளும் முளைக்கலாம். மருந்து செலுத்தி உறிஞ்சும் முறையும் இங்கே சரிப்படாது. ஒவ்வொரு குட்டியும் தனி அறை, ஒன்றில் விட்ட மருந்து அடுத்ததற்குப் போகாது. ஆல்பெண்டசோல் மட்டும் கொடுத்தாலும் இந்த நிலையில் பலன் குறைவு. அதை முன்பும் பின்பும் கொடுத்து ஆபரேஷன் செய்வதுதான் என் வழி.

ஸ்கேன் டாக்டர், உசிலம்பட்டி

நன்றி சார். பித்தக்குழாய் 5 மி.மீ.தான், எக்ஸ்ரேயும் சுத்தம். எலைசா இன்னும் வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. கட்டியின் கீழ் மூலையில் வட்டங்களே இல்லாமல் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கிறது. கட்டியின் நிலையை, முழுக்க உயிரோடு இருக்கிற சிஇ2 என்று எழுதினேன். அந்த மூலையை வைத்துப் பார்த்தால், குட்டிகளோடு ஒரு பகுதி கெட்டியாகிவிட்ட நிலையான சிஇ3பி என்று எழுதியிருக்க வேண்டுமா?

பிஜி, ரேடியாலஜி

சிஇ3பி என்றுதான் நான் எழுதுவேன் சார். எலைசா பற்றி மட்டும் எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அந்த அம்மாவின் படத்தை எடுத்து, முக்கோண இடுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.